இரண்டு மார்ச் 31களுக்கு நடுவில்

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், வேலூர் என்று எந்த ஊர்க் கல்லூரியில் பி.காம் படித்தாலும் மேலாண்மைக் கணக்கியலில் ஒரு அசைன்மென்ட் தவறாமல் வரும். ஒரு நிறுவனத்தின் இரண்டு ஆண்டு இருப்புநிலைக் குறிப்பு, ஒரு லாப நட்டக் கணக்கு, அடியில் நான்கைந்து வரி 'கூடுதல் தகவல்'. இவற்றை வைத்து ரொக்க ஓட்ட அறிக்கை தயாரிக்க வேண்டும், விகிதங்களைக் கணக்கிட்டுக் கருத்து எழுத வேண்டும். பிள்ளைகள் படிவத்தை மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். சரக்கிருப்பு கூடினால் கழி. கடனீந்தோர் கூடினால் கூட்டு. லாபத்தைக் கண்டுபிடித்த பிறகு எதற்காக அதிலிருந்து சரக்கைக் கழிக்கிறோம் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

அந்தக் 'கழி' முதலில் எழுதப்பட்ட இடமாகக் கணக்கியல் வரலாற்றில் சொல்லப்படுவது தெற்கு வேல்ஸ். அங்கே மெர்தர் டிட்ஃபில் ஊரில் டௌலைஸ் இரும்பு ஆலை இருந்தது. 1863இல் அந்த ஆலை ஒரு மந்தநிலையிலிருந்து மீண்டு லாபம் பார்த்துக்கொண்டிருந்தது. புதிதாக ஓர் ஊதுலை கட்டலாம் என்று பார்த்தால் கையில் பணம் இல்லை. கணக்குப் புத்தகம் லாபம் என்கிறது, பெட்டியோ காலி. மேலாளர் இரண்டு ஆண்டுகளின் இருப்புநிலைக் குறிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு இனமும் எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று எழுதினார். ஒப்பீட்டு இருப்புநிலைக் குறிப்பு என்று அதற்குப் பெயர் வைத்தார். விடை அந்தத் தாளிலேயே கிடைத்தது. சம்பாதித்த பணம் முழுக்க சரக்காக மாறி ஆலைக்குள்ளேயே குவிந்து கிடந்தது.

இன்றைக்கு மாணவர் செய்வதும் இதே வேலைதான். நடுவில் வந்தவர்கள் அதற்கு வடிவம் கொடுத்தார்கள். அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் மோர்ஸ் கோல் 1908இல் வெளியிட்ட கணக்கியல் நூலில், பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று இரண்டு பக்கமாகப் பிரித்துக் காட்டும் அறிக்கை இருந்தது. அதற்குப் பின் வந்தவர்கள் 'பணம்' என்ற இடத்தில் நடைமுறை மூலதனத்தை வைத்தார்கள். நம் பாடத்திட்டத்தில் இன்னும் இருக்கும் நிதி ஓட்ட அறிக்கை அப்படி வந்ததுதான். சரக்கும் கடனாளியும் ரொக்கமும் சேர்ந்து ஒரே 'நிதி' என்று அது எடுத்துக்கொள்ளும். டௌலைஸ் மேலாளர் கண்டுபிடித்த விஷயத்தை இது மறுபடியும் மூடிவிட்டது என்பது என் கருத்து. பணம் சரக்காக மாறினால் இந்த அறிக்கைக்குத் தெரியவே தெரியாது, இரண்டும் அதற்கு ஒன்றுதானே.

அதற்கான விலை 1975இல் வெளியே தெரிந்தது. அமெரிக்காவின் பெரிய சில்லறைக் கடைச் சங்கிலிகளில் ஒன்றான டபிள்யூ.டி. கிராண்ட் திவாலானது. பல ஆண்டுகளாக அது லாபம் காட்டி வந்தது, நடைமுறை மூலதனமும் நன்றாகவே இருந்தது. பிற்பாடு அதன் கணக்குகளை எடுத்து அலசியவர்கள், தொழிலிலிருந்து ரொக்கம் வருவது திவாலுக்கு வெகு முன்பே நின்றிருந்ததைக் காட்டினார்கள். சரக்கிலும் வாடிக்கையாளர் பாக்கியிலும் பணம் போய் மாட்டியிருந்தது. 1987இல் அமெரிக்கக் கணக்கியல் தர வாரியம் ரொக்க ஓட்ட அறிக்கையைக் கட்டாயமாக்கியது, 1992இல் பன்னாட்டுத் தரமும் அதே வழிக்கு வந்தது. இந்தியாவில் 1981இல் வெளியான கணக்கியல் தரம் 3, நிதிநிலை மாற்றங்களைப் பற்றியதாக இருந்தது. 1997இல் அதைத் திருத்தி ரொக்க ஓட்ட அறிக்கைக்கான தரமாக ஆக்கினார்கள்.

இரும்பில் பிறந்த கதை தோலில் இன்னும் நன்றாகப் புரியும். பச்சைத் தோல் மண்டியிலிருந்து உப்போடு வந்து இறங்குகிறது. ஊறவைத்து, சுண்ணாம்பிட்டு, சதை நீக்கி, ட்ரம்மில் போட்டுக் குரோம் ஏற்றினால் வெட் புளூ. பிறகு மழித்து, சாயம் ஏற்றி, உலர்த்தினால் கிரஸ்ட். மேற்பூச்சு முடிந்தால்தான் ஷூ கம்பெனி வாங்கும் தோல். ஒவ்வொரு கட்டத்திலும் தோல்ஷாப்பில் சரக்கு நின்றுகொண்டிருக்கும். கட்டம் தாண்டத் தாண்ட அதற்குள் போன பணமும் கூடும். ஒரு காலத்தில் இந்தப் பகுதி அரைப் பதன் தோலாகவே கப்பலேற்றியது. சீதாராமையா குழு 1972இல் தந்த பரிந்துரையை ஒட்டி, அரைப் பதன் தோல் ஏற்றுமதிக்கு அடுத்த ஆண்டு வரம்பு வந்தது. முழுப் பதன் தோலுக்கும் ஷூவுக்கும் போக வேண்டிய கட்டாயம் வந்தது. விலை கூடுதலாகக் கிடைத்தது. கூடவே, போட்ட பணம் திரும்பி வரும் நாளும் நீண்டது. பாலாற்றங்கரைத் தோல்ஷாப்புக்காரர்களின் பணமுடையில் ஒரு பங்கு அங்கே தொடங்குகிறது.

இனி கணக்குக்கு வருவோம். நிறுவனம் கற்பனை, ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குக் கடனில் தோல் விற்கும் நடுத்தர தோல்ஷாப்பு. தொகை எல்லாம் லட்ச ரூபாயில்.

| இனம் | சென்ற மார்ச் 31 | இந்த மார்ச் 31 |
|---|---|---|
| கட்டடம், இயந்திரம் (தேய்மானம் போக) | 180 | 210 |
| சரக்கிருப்பு | 140 | 230 |
| கடனாளிகள் | 110 | 150 |
| ரொக்கமும் வங்கி இருப்பும் | 30 | 8 |
| மொத்தம் | 460 | 598 |
| முதலும் காப்புகளும் | 250 | 276 |
| நீண்ட காலக் கடன் | 60 | 75 |
| வங்கி கேஷ் கிரெடிட் | 70 | 140 |
| கடனீந்தோர் | 70 | 92 |
| வரி ஒதுக்கு | 10 | 15 |
| மொத்தம் | 460 | 598 |

விற்பனை 720, விற்ற சரக்கின் அடக்கம் 560. மற்றச் செலவு, தேய்மானம் 20, வட்டி 18 எல்லாம் போக வரிக்கு முந்திய லாபம் 58. வரி 16 போக மிச்சம் 42. அதில் 16ஐப் பங்காதாயமாகக் கொடுத்துவிட்டார்கள். கூடுதல் தகவலில் ஒரு வரி இருக்கிறது: புத்தக மதிப்பு 5 உள்ள பழைய ட்ரம் ஒன்று 7க்கு விற்கப்பட்டது.

லாபம் 42, ரொக்கம் 22 குறைந்திருக்கிறது. டௌலைஸின் கேள்வி அப்படியே ஆம்பூருக்கு வந்துவிட்டது.

வரிக்கு முந்திய 58இலிருந்து தொடங்குகிறோம். தேய்மானம் 20ஐக் கூட்ட வேண்டும், அதற்காக யாருக்கும் பணம் கொடுக்கவில்லை. ட்ரம் விற்றதில் வந்த லாபம் 2ஐ எடுத்துவிட வேண்டும், விற்ற தொகை 7 முழுவதும் முதலீட்டுப் பிரிவில் வரப் போகிறது. வட்டி 18ஐயும் இங்கே கூட்டிவிட்டு நிதிப் பிரிவில் கழிப்போம். மொத்தம் 94. அடுத்ததுதான் மாணவர் மனப்பாடம் செய்த இடம். அடக்கம் 560 என்பது விற்ற தோலுக்கு மட்டும். இதைத் தவிர இன்னொரு 90 லட்சத்துக்குத் தோலும் ரசாயனமும் கூலியும் போட்டு அது கிடங்கில் நிற்கிறது. லாப நட்டக் கணக்கு அந்தப் பணத்தைப் பார்க்கவே இல்லை. அதனால்தான் கழிக்கிறோம். விற்பனை 720இல் கடனாளிகளிடம் கூடுதலாக நின்றுபோன 40 வரவில்லை, அதையும் கழிக்க வேண்டும். நாம் கொடுக்காமல் நிறுத்திவைத்த 22ஐக் கூட்டலாம். 94இலிருந்து 108 போக, கழித்தல் 14. கட்டிய வரி எவ்வளவு? ஆரம்ப ஒதுக்கு 10, இந்த ஆண்டு வரி 16, கடைசியில் நிற்பது 15. ஆக, கட்டியது 11. தொழிலிலிருந்து வந்த ரொக்கம், கழித்தல் 25 லட்சம்.

இயந்திரக் கணக்கில்தான் பலர் சறுக்குவார்கள். 180 இருந்தது 210 ஆகியிருக்கிறது, எனவே 30க்கு வாங்கினார்கள் என்று எழுதிவிடுவார்கள். தேய்மானத்தில் 20 தேய்ந்தது, ட்ரம் 5 வெளியே போனது. 155க்கு இறங்கியதை 210க்கு ஏற்ற 55 தேவை. வாங்கியது 55, விற்றது 7. முதலீட்டில் வெளியே போனது 48.

நிதிப் பிரிவில் நீண்ட காலக் கடன் 15, கேஷ் கிரெடிட் 70 உள்ளே வந்தது. வட்டி 18, பங்காதாயம் 16 வெளியே போனது. நிகரம் 51. மூன்றையும் சேர்த்தால் கழித்தல் 22, அதாவது 30 லட்சம் 8 லட்சம் ஆகிறது.

இந்த 22 வராவிட்டால் பக்கம் பக்கமாக மறுபடி போட வேண்டாம், வித்தியாசத்தைப் பார்த்தாலே துப்புக் கிடைக்கும். 4 உதைத்தால் ட்ரம் லாபத்தைக் கழிப்பதற்குப் பதில் கூட்டியிருக்கிறீர்கள். 25 உதைத்தால் இயந்திரம் 30க்கு வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். 180 என்றால் சரக்கின் குறியை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் 22 வந்துவிட்டது என்பதற்காக எல்லாம் சரி என்றும் ஆகாது. வட்டியை நிதிப் பிரிவில் போடாமல் தொழில் பிரிவிலேயே விட்டுவிட்டாலும் கடைசித் தொகை அதேதான் வரும்; தொழில் ரொக்கம் மட்டும் கழித்தல் 43 ஆகிவிடும். நம் தரப்படி தோல்ஷாப்பு போன்ற நிறுவனத்துக்கு அது பிழை. அமெரிக்க முறையில் அதுவே சரி. நம் நிறுவனத்தையும் வெளிநாட்டு நிறுவனத்தையும் ஒப்பிடுகிறவர்கள் இதை மறந்தால் வம்பு.

இதே கணக்கைப் பழைய நிதி ஓட்ட முறையில் போட்டுப் பாருங்கள். நடைமுறை மூலதனம் சென்ற ஆண்டு 130, இந்த ஆண்டு 141. கூடியிருக்கிறது! டபிள்யூ.டி. கிராண்டின் பங்குதாரர்கள் ஏன் நிம்மதியாகத் தூங்கினார்கள் என்று இப்போது தெரியும்.

விகிதங்களுக்கு வேறு தாய்வீடு. அவை ஆலைக்குள் பிறக்கவில்லை, கடன் கொடுக்கிறவர் மேசையில் பிறந்தன. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க வங்கிகள் கடன் கேட்டு வருவோரிடம் கணக்கு அறிக்கை கேட்க ஆரம்பித்தன. தொழிலை நாளைக்கே மூடினால் கடன் திரும்புமா என்பது அவர்கள் கவலை. நடப்புச் சொத்து நடப்புப் பொறுப்பைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும் என்ற 2:1 விதி அந்தக் கவலையிலிருந்து வந்தது. அலெக்ஸாண்டர் வால் 1919இல் 981 நிறுவனங்களின் விகிதங்களைத் திரட்டி வெளியிட்டு, தொழிலுக்குத் தொழில் ஊருக்கு ஊர் அவை மாறும் என்று காட்டினார். ஆனாலும் பாடப்புத்தகம் 2:1ஐ விடவில்லை.

நம் ஊருக்கு விகிதம் வந்த வழி 1974. ரிசர்வ் வங்கி பிரகாஷ் டாண்டன் தலைமையில் ஒரு குழு அமைத்தது, அறிக்கை 1975இல் வந்தது. தொழில்கள் வங்கிப் பணத்தில் சரக்கைக் குவித்து வைத்திருக்கின்றன என்பது அதற்குப் பின்னால் இருந்த புகார். குழு சொன்ன இரண்டாம் முறைப்படி, நடப்புச் சொத்தில் கால் பங்கையாவது முதலாளி தன் நீண்ட கால நிதியிலிருந்து போட வேண்டும். மீதி முக்கால் பங்கில் மற்ற நடப்புப் பொறுப்புகளைக் கழித்தால் வங்கி தரக்கூடிய உச்சம் வரும். இந்திய வங்கியாளர் வாயில் வரும் 1.33 என்ற நடப்பு விகிதம் இந்தக் கால் பங்கின் இன்னொரு முகம், நான்கை மூன்றால் வகுத்தால் வருவது.

நம் தோல்ஷாப்பின் நடப்புச் சொத்து 388, நடப்புப் பொறுப்பு 247. விகிதம் 1.57. சென்ற ஆண்டின் 1.87க்கு இறக்கம்தான், ஆனாலும் 1.33ஐத் தாராளமாகத் தாண்டுகிறது. இரண்டாம் முறையைப் போட்டால் 388இன் முக்கால் 291. அதில் கடனீந்தோரும் வரியும் சேர்ந்த 107 போக 184. இப்போது எடுத்திருப்பது 140. இன்னும் 44 லட்சம் கேட்கலாம் என்கிறது கணக்கு! தொழிலில் ரொக்கம் கழித்தல் 25. குவிந்த சரக்கே தகுதியாகி, மேலும் கடன் வாங்கித் தருகிறது.

டாண்டன் குழுவுக்கு இது தெரியாமல் இல்லை. அதனால்தான் தொழில்வாரியாக எத்தனை மாதச் சரக்கு வைத்திருக்கலாம் என்று அளவும் சொன்னது. அளவுக்கு மேல் நிற்பதற்கு வங்கிப் பணம் கிடையாது. நம் கணக்கில் கூடிய 90ஐ அதிகப்படி என்று ஒதுக்கிவிட்டால் நடப்புச் சொத்து 298, அதன் முக்கால் 223.5, பொறுப்பு போக 116.5. வாங்கியிருப்பதோ 140, இப்போது 23.5 லட்சம் அதிகமாக எடுத்திருக்கிறார் என்று ஆகிறது. ஒரே தோல்ஷாப்பு, ஒரே நாள். கிடங்கில் நிற்கும் தோலை எப்படிப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து விடை தலைகீழாகிறது.

எனவே அசைன்மென்டில் நடப்பு விகிதத்தை எழுதிவிட்டு 'திருப்திகரம்' என்று முடிப்பது அநியாயம். பக்கத்திலேயே இன்னும் இரண்டு விகிதத்தையாவது போட வேண்டும். சரக்கை விட்டுவிட்டுப் பார்க்கும் விரைவு விகிதம் 0.93இலிருந்து 0.64க்கு வந்திருக்கிறது. சராசரி இருப்பு 185 என்று வைத்தால் சரக்கு ஆண்டுக்கு மூன்று முறை சுழல்கிறது, அதாவது சுமார் 121 நாள். ஆண்டுக் கடைசியில் நிற்கும் 230ஐ மட்டும் எடுத்தால் 150 நாள். சராசரி பூசி மெழுகுகிறது. முதலாளி நிதியின் மீதான வருவாய் மட்டும் 16 சதவீதம் என்று கம்பீரமாக நிற்கும். அந்த 16 சதவீதத்தை வைத்து மண்டிக்காரருக்கு ஒரு நாள் பட்டுவாடா கூடச் செய்ய முடியாது.

மார்ச் 31 அன்று விகிதத்தை அலங்கரிக்கவும் செய்யலாம். கடைசி வாரத்தில் கடனாளிகளிடமிருந்து 60 லட்சத்தைத் துரத்தி வசூல் செய்து, அதைக் கேஷ் கிரெடிட்டில் கட்டிவிட்டு, ஏப்ரல் முதல் வாரம் திரும்ப எடுத்துக்கொள்கிறார் என்று வையுங்கள். 388 என்பது 328 ஆகும், 247 என்பது 187 ஆகும், விகிதம் 1.57இலிருந்து 1.75க்கு ஏறிவிடும். தொழிலில் எதுவும் மாறவில்லை.

எந்த அலங்காரமும் இல்லாமலே விகிதம் ஏமாற்றும் காரணம் ஒன்று இந்தப் பகுதிக்கே உரியது. பக்ரீத்தை ஒட்டிச் சில நாட்களில் ஆட்டுத் தோல் குவியும். கையில் பணம் உள்ளவர் அப்போது வாங்கி உப்பிட்டு அடுக்குவார். பக்ரீத் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். 2024இல் ஜூன் 17, 2025இல் ஜூன் 7. ஜூனில் வாங்கிய தோலில் பெரும்பகுதி மார்ச் 31க்குள் விற்றுத் தீர்ந்துவிடும். 1999இல் பக்ரீத் மார்ச் கடைசி வாரத்தில் வந்தது, 2030களின் தொடக்கத்தில் மறுபடி அங்கே வரும். அப்போது வருடக் கடைசிச் சரக்கு ஏறியே தெரியும். ஆட்டுத் தோல் செய்யும் ஷாப்பின் சுழற்சி விகிதத்தைப் பத்தாண்டு வரைபடமாகப் போடுகிறவர் பக்கத்தில் ஹிஜ்ரி நாட்காட்டியையும் வைத்துக்கொள்வது நல்லது.

2021 மார்ச்சில் கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையைத் திருத்தி, 11 விகிதங்களைக் குறிப்பில் காட்ட வேண்டும், சென்ற ஆண்டைவிட 25 சதவீதத்துக்கு மேல் மாறினால் காரணம் எழுத வேண்டும் என்று வைத்தார்கள். பாடப்புத்தகத்தின் கடைசி வினா சட்டமானது இப்படித்தான். ரொக்க ஓட்ட அறிக்கையோ 2013 சட்டப்படி சிறு கம்பெனிக்குக் கட்டாயமில்லை. கூட்டாண்மையாக நடக்கும் தோல்ஷாப்புகளை அந்தச் சட்டம் தொடுவதே இல்லை. அவர்களிடம் வங்கி கேட்கும் சி.எம்.ஏ. படிவத்தில் இன்னும் இருப்பது நிதி ஓட்ட அறிக்கை. ஆகவே நிதி ஓட்டத்தைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லவும் எனக்கு மனமில்லை. படித்து முடித்து ஆடிட்டர் அலுவலகத்தில் உட்காரும் பிள்ளைக்கு முதலில் கிடைக்கும் வேலை அந்தப் படிவமாகவே இருக்கலாம்.

ரொக்க ஓட்ட அறிக்கையையும் முழுதாக நம்பிவிடக் கூடாது. நம் கணக்கில் கழித்தல் 25 என்று நின்றதற்கே கடனீந்தோரிடம் நிறுத்திவைத்த 22தான் முட்டுக்கொடுத்தது. அவர்களுக்கு வழக்கம்போலக் கொடுத்திருந்தால் கழித்தல் 47. அந்த 22 யாருடையது என்பதை அறிக்கை சொல்லாது, கடனீந்தோர் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும். ரசாயனம் செய்து தரும் சிறு ஆலையும், மழித்தல் போன்ற வேலையைக் கூலிக்குச் செய்யும் பட்டறையும் குறு, சிறு தொழிலாகப் பதிந்திருந்தால், அவர்களுக்கு உடன்படிக்கை இருந்தாலும் 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். தவறினால், 2023-24 முதல் அந்தச் செலவை, கொடுக்கிற ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும். அப்படி ஆனால் வரிக்குக் கணக்கிடும் லாபம் 58ஐ விட மேலே போகும், கட்ட வேண்டிய வரியும் 16ஐத் தாண்டும். பச்சைத் தோல் விற்கும் மண்டிக்காரர் வியாபாரி என்பதால் இந்தப் பாதுகாப்பு அவருக்கு இல்லை. பணம் இறுகுகிற ஆண்டில் தோல்ஷாப்புக்காரர் யாருடைய பாக்கியை முதலில் இழுத்தடிப்பார் என்று கேட்டால், பட்டியலைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.